எளிய தமிழும் எளிய கணக்கும்

அன்புள்ள ஐயா,

நானும் இரு நண்பர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டப்படி தேர்வு வழிகாட்டி நூல்களை வெளியிட இருக்கிறோம். முதலில் வந்த கணக்கு நூலுக்கு 'எளிய கணக்கு' என்று பெயர் வைத்தோம், நன்றாக இருந்தது. மற்ற பாடங்களுக்கும் 'எளிய' என்றே தொடங்கலாமா, அல்லது 'பொதுத்தேர்வுக் கையேடு' என்று முடிக்கலாமா? எல்லாப் பெயர்களும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

தொடருக்கான பெயரை உங்களுக்குப் பிடித்த பாடத்தில் பொருத்திப் பார்க்காதீர்கள்; அது எந்தப் பாடத்தில் உறுத்துமோ அதில் முதலில் பொருத்திப் பாருங்கள். 'எளிய கணக்கு' என்றால் கணக்கை எளிதாக்கித் தரும் நூல் என்று யாரும் புரிந்துகொள்வார்கள். அடுத்து 'எளிய தமிழ்' என்று எழுதிப் பாருங்கள். கடினச் சொற்கள் இல்லாத தமிழ்நடை என்றுதான் அதற்கு வழக்கில் பொருள். பத்தாம் வகுப்புச் செய்யுளுக்கும் இலக்கணத்துக்கும் விடை தரும் நூல் என்று ஒரு தாய்க்கோ தந்தைக்கோ தோன்றாது. 'எளிய வரலாறு' என்பதோ பொதுவாசகருக்கான சுருக்கமான வரலாற்று நூலைப் போல ஒலிக்கிறது. அடைமொழி பாடப்பெயருடன் ஒட்டும்போது பாடத்துக்குப் பாடம் பொருள் மாறிவிடுவதால், சொல் ஒன்றாக இருந்தும் தலைப்புகள் இணையாக நிற்பதில்லை.

பின்னால் ஒட்டும் சொல்லில் இருக்கும் சிக்கல் வேறு வகையானது. 'கையேடு' என்று முடித்தால் தமிழ்க் கையேடு, கணக்குக் கையேடு என்று இரண்டில் ஒற்று மிகும். அறிவியல் கையேடு என்பதில் மிகாது. ஆங்கிலத்திலோ 'ம்' கெட்டு ஆங்கிலக் கையேடு என்றாகும். இலக்கணப்படி எல்லாமே சரி, ஆனால் அட்டை வடிவமைப்பவர் ஒன்றில் ஒற்றை விட்டுவிடுவார், இன்னொன்றில் வேண்டாத இடத்தில் சேர்ப்பார். ஒற்று மிகாதிருக்கட்டும் என்று 'வழிகாட்டி'யைத் தேர்ந்தால் இன்னொரு வம்பு வந்து சேர்கிறது. 'ஆங்கில வழிகாட்டி' என்று படித்ததும் 'ஆங்கில வழி' மாணவருக்கான நூலோ என்ற ஐயம் எழும், அதுவும் பயிற்றுமொழியைக் கேட்டு நூல் வாங்கும் கடையில்.

ஆகவே தொடரின் பெயர் பாடப்பெயரைத் தொடாமல் தனியே நிற்கும் ஒரு பெயர்ச்சொல்லாக இருக்கட்டும். பேச்சுக்கு 'ஏணி' என்று வைத்துக்கொள்வோம். மேல் வரியில் ஏணி, அடுத்த வரியில் 10ஆம் வகுப்பு, அதற்கடுத்த வரியில் ஆங்கிலம். தனித்தனி வரிகளாகிவிட்டால் ஒற்றும் வேண்டாம், 'ம்' கெடவும் வேண்டாம், பாடநூலில் மாணவர் பார்க்கும் பெயரே அட்டையிலும் இருக்கும். கடையில் "டென்த் மேத்ஸ், தமிழ் மீடியம்" என்றுதான் கேட்கிறார்கள். வகுப்பு, பாடம், வழி என்ற அந்த வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பாடத்துக்கும் ஆங்கிலப் பாடத்துக்கும் வழி என்ற வரி தேவையில்லை. ஒப்புமைக்காக அங்கே எதையாவது போட்டு நிரப்ப வேண்டாம்.

வகுப்பை எழுத்தால் எழுதுவதா, எண்ணால் எழுதுவதா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அரசுப் பாடநூல்களின் அட்டையில் பத்து வரை 'வகுப்பு' என்றும், அதற்கு மேல் 'மேல்நிலை முதலாம் ஆண்டு', 'மேல்நிலை இரண்டாம் ஆண்டு' என்றும் இருக்கும். அதைப் பின்பற்றினால் உங்கள் வரிசை பாதியில் முறியும். நான்கு வகுப்புகளுக்கும் 9, 10, 11, 12 என்று எண்ணே போதும். கடை அலமாரியில் புத்தகத்தின் முதுகை மட்டும் பார்த்து எடுப்பவருக்கும் அதுவே வசதி. நான் முன்பு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த ஒரு தொடரில் முதுகில் வகுப்பைப் போட மறந்துவிட்டார்கள். ஒன்பதும் பத்தும் ஒரே நிற அட்டையில் இருந்ததால் மாற்றி விற்ற பிரதிகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன.

'பொதுத்தேர்வு' என்ற சொல்லைப் பெயரில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் திடமான கருத்து. ஒன்பதாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பதினொன்றாம் வகுப்புக்கு 2017-18 கல்வியாண்டில் அதைக் கொண்டுவந்தார்கள், 2025இல் கைவிட்டார்கள். அரசாணை மாறும்போதெல்லாம் அட்டையை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. தேர்வைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், பொருந்தும் வகுப்புகளின் அட்டையில் மட்டும் கீழே சிறிய வரியாகச் சொல்லுங்கள்.

பாடப்பெயரைச் சுருக்கும் ஆசையும் வரும். மேல்நிலையில் கணினி அறிவியல் தனி, கணினிப் பயன்பாடுகள் தனி. இரண்டையும் 'கணினி' என்று சுருக்கினால் ஒரே பெயரில் இரண்டு நூல்கள் இருக்கும். பத்தாம் வகுப்பின் 'கணக்கு' மேல்நிலையில் அதே பெயரில் தொடர்வதில்லை. பாடநூலில் எப்படி இருக்கிறதோ அப்படியே மாற்றிப் போடுங்கள். இங்கே வகுப்புக்கு வகுப்பு ஒப்புமை சற்றுக் குலைந்தாலும் மாணவருக்குக் குழப்பம் இராது.

அட்டை வேலையை 12ஆம் வகுப்பு 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' நூலிலிருந்து தொடங்குங்கள். அந்த நீளமான பெயர் முதுகில் இரண்டு வரியாகப் படிக்கும்படி அமைகிற எழுத்தளவு எதுவோ அதுவே எல்லா நூல்களுக்கும் அளவு. 'தமிழ்' என்ற மூன்றெழுத்தைச் சுற்றி நிறைய இடம் மிஞ்சும், இருந்துவிட்டுப் போகட்டும்.