தவிடு சாப்பிட்டும் மலச்சிக்கல் ஏன் கூடியது?

கேள்வி: எனக்கு இப்போது 22 வாரம். ஐந்தாம் மாதத்திலிருந்தே மலச்சிக்கல். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறைதான் போகிறது, அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். நார்ச்சத்து நல்லது என்று பத்து நாளாகத் தினமும் நான்கு மேசைக்கரண்டி கோதுமைத் தவிடு எடுக்கிறேன். வயிறு உப்பியதுதான் மிச்சம். முக்கினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: குழந்தையைப் பற்றிய பயம் வேண்டாம். மலம் கழிக்க முக்குவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அது கருப்பைக்குள், பனிக்குட நீரில் பத்திரமாக இருக்கிறது. முக்குவதன் வலியெல்லாம் உங்களுக்குத்தான். ஆசனவாயில் வெடிப்பு வரும், மூலம் தள்ளும். கர்ப்பத்தில் அந்தப் பகுதி ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே வீங்கித்தான் இருக்கும், அதனால் இதைத் தள்ளிப்போடாமல் சரிசெய்ய வேண்டும்.

தவிட்டை இன்றே நிறுத்திவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் நிறையச் சுரக்கிறது. கருப்பைத் தசை இறுகிவிடாமல் தளர்த்தி வைப்பது அதன் வேலை. ஆனால் குடலின் சுவரிலும் அதே வகைத் தசைதான் இருக்கிறது, அதுவும் சேர்ந்தே தளர்ந்துவிடுகிறது. உணவுக் கழிவு மெதுவாக நகர்கிறது. பெருங்குடலின் வேலையே கழிவிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவதுதான். கழிவு அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு தண்ணீர் போய்விடும். மூன்று நாள் தங்கினால் கெட்டியாகி, உருண்டை உருண்டையாகத்தான் வெளியே வரும். போதாக்குறைக்கு 20 வாரத்தில் கருப்பை தொப்புள் உயரத்துக்கு வந்துவிடுகிறது. மலக்குடல் அதன் பின்னால்தான் இருக்கிறது, அதனால் அங்கே இடமும் குறைகிறது.

இப்போது தவிட்டுக்கு வருவோம். நார்ச்சத்து ஒரு பஞ்சு மாதிரி. தண்ணீர் கிடைத்தால் ஊறி, மலத்தை மெத்தென்று ஆக்கும். கிடைக்காவிட்டால் காய்ந்த பஞ்சாகவே இருந்து, ஏற்கெனவே கெட்டியாக நிற்கும் மலத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளும். குடல் பாக்டீரியா அதைப் புளிக்க வைப்பதால் வாயுவும் கூடும். நீங்கள் சொல்லும் உப்புசம் பெரும்பாலும் அதுதான். நான்கு மேசைக்கரண்டி என்பது ஒரே நாளில் ஏற்றக்கூடிய அளவும் இல்லை. இன்னொன்று, தவிட்டில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு மாத்திரையை எடுத்துக்கொண்டே அதன் பலனைக் குறைத்துக்கொள்கிறீர்கள்.

போன வருடம் என்னிடம் வந்த ஒரு ஆசிரியை, உங்களைப் போலவே ஆறாம் மாதம். "நார்ச்சத்து எல்லாம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன் டாக்டர்" என்றார். நாள் முழுக்க எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். யோசித்து, விரல்விட்டு எண்ணி, நான்கு டம்ளர் என்றார். வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போவது சிரமம் என்பதால் குடிப்பதையே குறைத்திருக்கிறார். அவருக்கு நான் முதலில் மாற்றியது தண்ணீரை மட்டும்தான். சாப்பாட்டில் கை வைத்தது அதற்கு அப்புறம்.

நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். முதல் மூன்று நாள் தண்ணீரை மட்டும் கூட்டுங்கள், சாப்பாடு வழக்கம்போல இருக்கட்டும். 250 மில்லி டம்ளரில் ஒரு நாளைக்கு 8 முதல் 10. ஒரே மூச்சில் வேண்டாம். எழுந்ததும் ஒன்று, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒன்று, நடுநடுவே மற்றவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இதய நோயோ சிறுநீரக நோயோ இருப்பவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

நான்காம் நாள் தோலோடு ஒரு பேரிக்காய். அதில் மட்டும் சுமார் 5 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. மூன்று நாள் கழித்து, வேகவைத்த பருப்போ கொண்டைக்கடலையோ அரை கப் சேர்த்தால் இன்னும் 6, 7 கிராம். அப்புறம் தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுத்தானியம். இப்படி ஏறி ஏறி ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராமுக்கு வர இரண்டு வாரம் ஆகட்டும். எந்தப் படியில் வயிறு உப்புகிறதோ அங்கேயே இரண்டு நாள் நில்லுங்கள், அடுத்ததற்குத் தாவ வேண்டாம். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் பழத்தை முழுதாகச் சாப்பிடுங்கள், ஜூஸ் வேண்டாம். ஜூஸில் நார் போய்ச் சர்க்கரைதான் மிஞ்சும்.

உணவால் எட்டவில்லை என்றால் இசப்கோல் உமி எடுக்கலாம். அது ரத்தத்தில் சேர்வதில்லை, குடலோடு போய்விடும். ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். முழு டம்ளர் தண்ணீரில் கலந்து, கூழாகும் முன்பே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பலன் தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும், முதல் நாளே அளவை ஏற்றிவிடாதீர்கள்.

இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது மலத்தை இறுக்குவது உண்மை, கறுப்பாக்குவதும் உண்மை. ஆனால் ரத்தசோகை அதைவிடப் பெரிய தொல்லை. அளவையோ வகையையோ மாற்ற முடியுமா, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

கழிப்பறைக்குப் போகும் நேரமும் முக்கியம். காலைச் சாப்பாடு வயிற்றுக்குள் போனதும் பெருங்குடல் தானாகவே அசையும். அந்த அரை மணி நேரத்தில், உந்துதல் வந்தாலும் வராவிட்டாலும், ஐந்து நிமிடம் உட்காருங்கள். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் பாதங்களை ஒரு சிறு முக்காலியில் வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி கொஞ்சம் முன்னால் சாயுங்கள். மலக்குடலின் வளைவு நேராகி, முக்க வேண்டிய தேவை குறையும்.

ஆசனவாய் அருகில் கெட்டியாக ஏதோ அடைத்து நிற்பது போல இருந்தால், மேலே சொன்ன எந்த நாரும் இப்போது வேண்டாம். அந்த அடைப்பை முதலில் இளக்க வேண்டும். லாக்டுலோஸ் போன்ற மருந்தை மருத்துவர் தருவார். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துவைத்து மலத்தை இளக்கும், கர்ப்பத்தில் நீண்ட காலமாகப் பயன்படுத்திவரும் மருந்துதான். வீட்டில் யார் சொன்னாலும் விளக்கெண்ணெய் மட்டும் குடிக்காதீர்கள். அது குடலோடு கருப்பையையும் சுருங்க வைக்கக்கூடும்.

மலத்தில் ரத்தம், வாந்தியோடு வயிற்று வலி, வாயுகூடப் பிரியாமல் வயிறு இறுகுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். விட்டுவிட்டுச் சீராக வரும் வலியை "மலம் போகாத வலி" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். 22 வாரத்தில் அது கருப்பைச் சுருக்கமாகவும் இருக்கலாம், தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.