உயர்திரு போதும், மாண்புமிகு வேண்டாம்: புகார் மனு எழுதுவோர் கேட்ட சில கேள்விகள்

அரசு அலுவலகத் தபால் பிரிவில் பல ஆண்டுகள் மனு பிரித்தவன் என்பதால் வாசகர்கள் எனக்கு அனுப்பும் கேள்விகளில் பாதி மனு பற்றியவை. இம்முறை வந்தவை பெரும்பாலும் பேரூராட்சி அலுவலகத்துக்கு எழுதும் புகாரைப் பற்றியவை.

எங்கள் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் வாசலுக்கு வருகிறது. "மாண்புமிகு செயல் அலுவலர் திரு. ... அவர்கள் சமூகத்திற்கு" என்று தொடங்கியிருக்கிறேன். சரியா?

அதிகம். மாண்புமிகு என்பது அமைச்சர், சட்டப்பேரவைத் தலைவர், நீதிபதி போன்றவர்களுக்குரியது. பேரூராட்சியின் செயல் அலுவலருக்கு உயர்திரு போதும். பெறுநர் பகுதியில் அவர் பெயரையும் எழுதாதீர்கள். மனு எழுதிய வாரத்தில் அவர் மாற்றலாகிப் போயிருக்கலாம், மனு பதவிக்குத்தான் போகிறது. "உயர்திரு. செயல் அலுவலர் அவர்கள், ... பேரூராட்சி அலுவலகம்" என்று முடித்துக்கொள்ளுங்கள். உயர்திரு, திரு, அவர்கள், சமூகம் நான்கையும் ஒரே வரியில் அடுக்கினால் மரியாதை கூடாது, பழைய பத்திர எழுத்தர் வாடைதான் வரும்.

விளி வரியில் 'ஐயா' வழக்கம். அலுவலர் பெண் என்று தெரிந்தால் 'அம்மையீர்'. தெரியாவிட்டால் 'ஐயா / அம்மையீர்'. அதற்கடுத்து 'வணக்கம்'. அவ்வளவுதான்.

பதவிப் பெயரில் ஓர் எச்சரிக்கை. பேரூராட்சியில் இருப்பவர் செயல் அலுவலர். செயற்பொறியாளர் என்பவர் வேறு. இரண்டும் காதில் ஒன்றுபோல விழும். தவறான பெயரில் மனு போனால் அது உரியவரிடம் சேர நாளாகும்.

துப்புரவுப் பணியாளர் வந்து பார்த்துவிட்டு 'இது என் வேலையில்லை' என்று போய்விட்டார். கோபத்தோடு எழுதியிருக்கிறேன், திருத்தித் தாருங்கள்.

நீங்கள் அனுப்பியதை அப்படியே பார்ப்போம்: "15 நாளா சாக்கடை அடைச்சிக் கிடக்குது, உங்க ஆள் ஒருத்தன் வந்து எட்டிப் பார்த்துட்டு என் வேலை இல்லைன்னு போயிட்டான், நீங்க உடனே பார்க்கணும் இல்லன்னா மேல போவோம்."

செய்தி முழுதும் இருக்கிறது, முறைதான் இல்லை. நான் எழுதினால் இப்படி: "1. எங்கள் தெருவில் உள்ள கழிவுநீர்க் கால்வாய் 03.06.2025 முதல் அடைபட்டுள்ளது. 2. கழிவுநீர் வீடுகளின் வாசல்வரை தேங்கி நிற்கிறது. 3. 10.06.2025 அன்று வந்து பார்வையிட்ட பணியாளர், இது தமது பணி அல்ல என்று தெரிவித்துச் சென்றார். 4. எனவே, கால்வாயின் அடைப்பை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

நான் மாற்றியதில் முக்கியமானது மூன்றாம் பத்தி. புகார் யார்மீதோ அவரையும் 'அவர்' என்றே எழுத வேண்டும். 'வந்தான், போனான்' என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் குறை பின்னுக்குப் போய், சண்டை முன்னுக்கு வந்துவிடும். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே வைத்தாயிற்று. அதைவிடக் கடுமையான வரி தேவையில்லை.

அதுபோல 'நீங்கள்' என்று தொடங்கிவிட்டுக் கடைசியில் 'தங்களை' என்று தாவக் கூடாது. தாங்கள், தங்களது, தங்களை என்று ஒரே நூலில் போங்கள். வேண்டுகோள் வரியில் 'எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' போதும். 'எடுக்க வேண்டும்' கட்டளைபோல் தொனிக்கும். 'தங்கள் பாதம் பணிந்து' என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். சேவை கேட்பது உரிமை, பிச்சையல்ல. மேலே போவோம் என்ற மிரட்டலை எழுதாதீர்கள். பிறகு மேலதிகாரிக்கு எழுத நேர்ந்தால், முந்தைய கடிதங்களைக் குறிப்பிடும் பார்வை வரியில் இந்த மனுவின் தேதியைக் குறிப்பிட்டால் அதுவே வேலை செய்யும்.

குடியிருப்பில் தமிழ் படிக்கத் தெரியாத இரண்டு வீட்டார் கையெழுத்திட வேண்டும். அவர்களுக்காக ஆங்கிலப் படி தயாரிக்க வேண்டும். தமிழை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் போதாதா?

வரிக்கு வரி போகாதீர்கள். பத்திக்குப் பத்தி போங்கள். மேலே எண் போட்டு எழுதச் சொன்னதே இதற்காகத்தான். தமிழில் நான்காம் பத்தி என்றால் ஆங்கிலத்திலும் நான்காம் பத்தியில் அதே செய்தி இருக்க வேண்டும். யாராவது ஐயம் கேட்டால் எண்ணைச் சொல்லிக் காட்டலாம்.

ஒரு முறை நான் படியெழுதும்போது சறுக்கினேன். தமிழில் '15 நாட்களாக' என்றிருந்ததை ஆங்கிலத்தில் '15-ஆம் தேதி முதல்' என்று பொருள்படும்படி தட்டிவிட்டேன். கையெழுத்திட வந்த ஒருவர், "எது உண்மை?" என்று கேட்டபிறகுதான் தெரிந்தது. அதனால்தான் மேலே 'நாட்களாக' என்பதை எடுத்துவிட்டுத் தொடங்கிய தேதியைப் போட்டேன். 03.06.2025 என்பதைச் சிலர் மார்ச் 6 என்று படித்துவிடுவார்கள். ஆங்கிலப் படியில் மாதத்தின் பெயரை எழுத்தாலேயே எழுதுங்கள்.

மரியாதைச் சொற்களை அப்படியே கொண்டுபோக முடியாது. உயர்திருவுக்கும் அவர்களுக்கும் ஆங்கிலத்தில் தனிச் சொல் தேடாதீர்கள். 'வணக்கம்' என்பதையும் விட்டுவிடலாம். பதவிப் பெயருக்கு முன் ஒரு The, விளிக்கு ஒரு Sir அல்லது Madam. தமிழில் வினைமுற்றிலேயே உட்கார்ந்திருக்கும் மரியாதையை request என்ற ஒரே சொல் சுமந்துவிடும்.

```
English copy of the Tamil petition dated 18 June 2025
To: The Executive Officer, ... Town Panchayat
4. I therefore request you to have the blockage removed.
```

முதல் வரியை மறக்காதீர்கள். எது மூலம், எது படி என்று அதுதான் சொல்கிறது. இரண்டிலும் தனித்தனியாகச் செய்தி சேர்த்துவிட்டால், அலுவலகம் எதை எடுத்துக்கொள்வது என்று குழம்பும்.

தெருப் பெயர், என் பெயர் இவற்றை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

ஆதாரில் இருப்பதுபோல. அடையாள அட்டையில் Selvi என்றால் Chelvi என்று எழுதாதீர்கள். முதலெழுத்தும் அப்படியே: தமிழில் 'மு. செல்வி' என்றால் ஆங்கிலத்தில் M. Selvi. பிள்ளையார் கோயில் தெருவை Ganesha Temple Street ஆக்கக் கூடாது. வீட்டு வரி ரசீதில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படி எழுதுங்கள்.

அலுவலகம் ஏற்கெனவே ஒரு கடிதம் தந்திருந்தால் அதன் கோப்பு எண்ணான ந.க.எண்ணில் எண்ணோடு ஓர் எழுத்தும் இருக்கும், 'அ3' என்பதுபோல. அது பிரிவைக் குறிப்பது. ஆங்கிலப் படியிலும் அந்தத் தமிழ் எழுத்தை மாற்றாமல் வையுங்கள். கோப்பைத் தேடுகிறவர் அதைக்கொண்டுதான் தேடுவார்.

இரண்டையும் எப்படிக் கொடுப்பது?

தமிழ் மனுவின் கடைசியில் 'இணைப்பு: ஆங்கிலப் படி - 1' என்று எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். எல்லோரும் தமிழ் மனுவிலேயே கையெழுத்திடட்டும். தமிழ் தெரியாத இருவர் கையெழுத்துக்குமுன் ஆங்கிலப் படியைப் படித்துக்கொள்ளட்டும். கொண்டுபோகும்போது தமிழ் மனுவின் நகல் ஒன்று கூடுதலாக வைத்திருங்கள். தபால் பிரிவில் அதன்மேல் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.