தேநீர்க் கடையில் பேசக் கற்றவன்: ஒரு சிறுகதை குறித்த கேள்வி பதில்

கேள்வி: கூச்ச சுபாவமுள்ள இளைஞன் ஒருவன், தேநீர்க் கடைக்காரர் தினமும் விசாரிப்பதால் பேசப் பழகுகிறான் என்று ஒரு சிறுகதை எழுதி உங்களுக்கு அனுப்பியிருந்தேன். அவனுடைய மாற்றத்தை நம்ப முடியவில்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். தவறு எங்கே இருக்கிறது?

பதில்: மூன்றாவது காட்சியில் இருக்கிறது. "முகம் ஏன் வாடியிருக்கிறது?" என்று கடைக்காரர் கேட்டதும், அதுவரை வாய் திறக்காதவன் தன் இளமைக்காலத்தையே பன்னிரண்டு வரிகளில் கொட்டிவிடுகிறான். கூச்சமுள்ளவன் அப்படி உடைந்து பேசுவதில்லை. பேசினாலும் மறுநாள் அந்தக் கடைப் பக்கமே வரமாட்டான்.

விடைகள் எட்டு வகை என்று நன்னூல் சொல்வதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். இந்தக் கதைக்கு அது ஓர் ஏணியாகப் பயன்படும். முதல் நாள் அவன் அடுத்தவர் கையிலிருக்கும் கோப்பையைச் சுட்டிக்காட்டட்டும். சுட்டு விடைக்கு வாய்கூடத் தேவையில்லை. சில நாள் கழித்து, "வழக்கம்போலவா?" என்ற கேள்விக்கு "ஆமாம்" என்று நேர் விடை வரட்டும். அடுத்தது மறை விடை. இலக்கணத்தில் மறையும் நேரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன என்றாலும், கூச்சமுள்ளவனுக்கு அவற்றின் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. சர்க்கரை பிடிக்காதவன், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் இனிப்புத் தேநீரையே குடித்துக்கொண்டிருப்பான். ஆகவே அவன் "சர்க்கரை வேண்டாம்" என்று சொல்லும் நாள்தான் உங்கள் கதையின் முதல் திருப்பம். அதற்கு ஒரு முழுக் காட்சியைக் கொடுங்கள்.

பிறகு ஒரு நாள், "நேற்று வரவில்லையே?" என்று கடைக்காரர் கேட்கிறார். "காய்ச்சல்" என்கிறான். நேராக விடை சொல்லாமல் தனக்கு நேர்ந்ததைச் சொல்லிப் புரியவைப்பதால் இது உற்றது உரைத்தல் ஆகிறது. ஒரே சொல்தான், ஆனால் தன்னைப் பற்றி அவன் பிறரிடம் சொன்ன முதல் செய்தி அது. இன்னும் சில வாரங்கள் சென்றபின், "வழக்கம்போலவா?" என்பதற்கு "வேறு எப்படி?" என்று கேள்வியையே விடையாக்கித் திருப்பட்டும். கடைக்காரர் சிரிப்பார். உங்கள் பன்னிரண்டு வரிகள் செய்ய முயன்ற வேலையை அந்த இரண்டு சொற்கள் செய்துவிடும்.

கேள்வி: ஒவ்வொரு காட்சியிலும் அவன் பேசும் வாக்கியத்தை ஒரு சொல் நீளமாக்கிக்கொண்டே போனால் கூச்சம் குறைவது தெரிந்துவிடும் அல்லவா? நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

பதில்: பாதி சரி. நீளம் ஓர் அடையாளம்தான், ஆனால் யார் முதலில் பேசுகிறார் என்பது அதைவிடப் பெரிய அடையாளம். கதை முழுவதும் கடைக்காரர் கேட்க, இவன் விடை சொல்கிறான். விடை எவ்வளவு நீண்டாலும் அவன் இன்னும் இரண்டாவதாகப் பேசுகிறவன்தான். கடை ஒரு நாள் மூடிக்கிடந்து மறுநாள் திறந்ததும், "நேற்றுக் கடை இல்லையே?" என்று அவன் தானாகக் கேட்டால், அந்த மூன்று சொற்களில் அவன் முதலாவதாகப் பேசுகிறவனாகிவிடுகிறான். அது ஏறக்குறைய கடைக்காரர் அவனிடம் கேட்ட அதே கேள்வி என்பதை வாசகர் தாமே கண்டுகொள்வார். நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டாம்.

நேரத்தையும் கவனியுங்கள். பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஆய்வொன்று, கேள்விக்கும் விடைக்கும் இடையிலான இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் என்று காட்டியது. கூச்சமுள்ளவனோ, சொல்லப்போவதை மனத்துக்குள் ஒருமுறை ஒத்திகை பார்க்கிறான். அதற்குள் கடைக்காரர் அடுத்தவரிடம் திரும்பிவிடுகிறார். தயாரான விடை நாவிலேயே நின்றுபோகும் அந்தக் கணத்தை ஒருமுறையாவது காட்டுங்கள். "அவன் கூச்சப்பட்டான்" என்ற வரியை அதன்பின் கதையில் எங்கும் எழுத வேண்டியிராது.

கேள்வி: எனக்கும் அலுவலகத்தில் யாரிடமும் பேச்சு வருவதில்லை. தேநீர்க் கடையில் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சரளம் வரும் என்று சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் கேட்பது கதையை அல்ல, வாழ்க்கையை, கதைகளைத் திருத்துகிறவனிடம் அதற்கு முழு விடை இல்லை. பேசுவதற்குப் பொருள் தேட வேண்டாம் என்பதை மட்டும் சொல்வேன். "என்ன, இன்று தாமதமா?" என்று கேட்கிறவர் தாமதத்தின் காரணத்தை ஆராயவில்லை, உங்களைப் பார்த்துவிட்டதாகச் சொல்கிறார். செய்தி சொல்வதற்காக அல்லாமல் உறவைப் பேணுவதற்காகவே பேசப்படும் இத்தகைய பேச்சுக்கு மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923-இலேயே தனிப்பெயர் கொடுத்தார். உங்களிடம் தாமதமா என்று கேட்டவரிடமே மறுநாள் நீங்கள் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் போவதையே தவிர்க்கும் அளவுக்கு அச்சம் இருந்தால் உளவியல் ஆலோசகரிடம் செல்லுங்கள்; கடைக்காரரால் அதைத் தீர்க்க முடியாது.

கேள்வி: கடைக்காரர் எல்லாரையும்தான் விசாரிக்கிறார். அது வியாபாரம். அதை அன்பாகக் காட்டுவது பொய்யில்லையா?

பதில்: அன்பாகக் காட்டினால் பொய்தான். நன்னூலின் வினா வகைகளில் கொடை வினா என்று ஒன்று உண்டு. ஒன்றைக் கொடுப்பதற்காகக் கேட்பது. "தேநீர் வேண்டுமா?" என்பது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, அதற்கு மேல் அதில் எதையும் ஏற்றாதீர்கள். எல்லாரிடமும் கேட்பதால்தான் அது இந்த இளைஞனுக்கு உதவுகிறது. தன்னை மட்டும் தனியே கவனிக்கிறார் என்று தோன்றினால் அவன் வேறு கடைக்குப் போய்விடுவான். இங்கே கேட்கிறவரின் கை வேலையாக இருக்கிறது, கண் கொதிக்கும் பாலில் இருக்கிறது, கோப்பை காலியானதும் பேச்சு தானாக முடிந்துவிடுகிறது. அவனைத் தப்பவிடாமல் பிடித்துவைக்க எதுவுமே இல்லை. முடிதிருத்தும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் இந்தக் கதை நடந்திராது.

தனக்குச் சொன்ன அதே சொற்களைக் கடைக்காரர் அடுத்தவரிடமும் சொல்வதை அவன் கேட்கும்போது, அவனுக்கு வலிக்குமா, நிம்மதியாக இருக்குமா? நிம்மதி என்பது என் எண்ணம். என்னோடு கதைகளைப் படிக்கும் நண்பர் ஒருவர் வலிதான் என்று இன்னும் வாதிடுகிறார். இரண்டையும் எழுதிப் பாருங்கள். கடைக்காரர் அறிவுரை சொல்லும் வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

கேள்வி: எத்தனை நாள்களைக் காட்டுவது?

பதில்: நான்கைந்து போதும். கடைக்காரரின் சொற்கள் பெரும்பாலும் மாறாமல் இருக்கட்டும். விடை மட்டும் மாறட்டும்.

கேள்வி: முதல் கேள்வியைக் கேட்டவன் நான்தான். இறுதியில் அவன் ஒரு கூட்டத்தில் மேடையேறிப் பேசுவதாக முடித்திருந்தேன். அதை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துவிடுங்கள். ஒரே மனிதரிடம், ஒரே இடத்தில், ஒரே கேள்விக்குப் பழகிய நா அப்படியே மேடைக்கு இடம் பெயராது. பக்கத்தில் நிற்பவர்வரை போகும். புதிதாக வந்த ஒரு பையன் எதுவும் சொல்லாமல் அடுத்தவர் கோப்பையைச் சுட்டிக்காட்டுகிறான் என்று வையுங்கள். நம் ஆள் சற்று நகர்ந்து அவனுக்கு இடம்விட்டு, "சர்க்கரை வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், தம்பி" என்கிறான். பையன் தலையை மட்டும் அசைக்கிறானா, வாய் திறக்கிறானா என்பதை நானாக இருந்தால் எழுதமாட்டேன்.