இரண்டு ‘நோ’ வந்த ஒரு என்ஓசி

கேள்வி: இன்டர்வியூவில் ‘ஐ டோன்ட் ஹேவ் நத்திங் டு ஆட்’ என்று சொன்னேன், எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார். டபுள் நெகட்டிவ் எப்போதுமே தப்பா?

அவர் சிரித்தாரே, நீங்கள் சொன்னது புரியாமலா சிரித்தார்? புரிந்துதான் சிரித்திருப்பார். எனக்கு எரிச்சல் அங்கேதான்.

நான் வட சென்னை, ராயபுரம். ஹார்பரை ஒட்டிய ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. நாள் முழுக்க இங்கிலீஷ் லெட்டர்தான் எங்கள் பிழைப்பு. கொஞ்ச நாள் முன்னால், கப்பலில் வந்த ஒரு கன்டெய்னரை வேறு பார்ட்டி பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. சரக்கு வரும் முன்பே கப்பல் லைன்காரர்கள் கஸ்டம்ஸில் ஐஜிஎம் என்று ஒரு பட்டியல் தாக்கல் செய்வார்கள். அதில் இருக்கும் பெயரை மாற்ற வேண்டுமென்றால், பழைய பெயர்க்காரர் ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் சீலும் போட்டு என்ஓசி தர வேண்டும். டிராஃப்ட் நாங்கள் அடித்து அனுப்புவோம், பார்ட்டி அப்படியே பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். இந்தத் தடவை அடித்தது எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த காசிமேட்டுப் பையன். ‘வீ டோன்ட் ஹேவ் நோ அப்ஜெக்‌ஷன்’ என்று அடித்திருந்தான். நான் அன்று வேறு ஃபைலில் இருந்தேன், யாரும் படித்துப் பார்க்கவில்லை, கோயம்புத்தூரிலிருந்து ஒரிஜினல் கையெழுத்தாகி கூரியரில் வந்தும்விட்டது.

லெட்டரை வாங்கும் கவுன்ட்டரில் இருந்தவர் சிவப்புப் பேனாவால் ‘டோன்ட்’டையும் ‘நோ’வையும் சுழித்து, நடுவில் ஒரு கோடு இழுத்துச் சேர்த்து, ஓரத்தில் ஒரு பிளஸ் குறியும் போட்டுத் திருப்பித் தந்தார். “ரெண்டு மைனஸ் சேர்ந்தா பிளஸ். அப்போ உங்க பார்ட்டிக்கு அப்ஜெக்‌ஷன் இருக்குன்னு அர்த்தம்.” புது லெட்டர் வரும்வரை கன்டெய்னர் சிஎஃப்எஸ் என்கிற சரக்குக் கிடங்கில் கிடந்து, வாடகை இல்லாத ஃப்ரீ டேஸ் முடிந்து, கிரவுண்ட் ரென்ட் ஏறியது.

லெட்டரைத் திருப்பியது சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘தப்பு இங்கிலீஷுக்கு வக்காலத்தா’ என்று யாராவது கிளம்பி வருவார்கள். எழுத்தில், அதுவும் சட்டப்படி ஒரு உரிமையை விட்டுக்கொடுக்கும் காகிதத்தில், பொது வழக்கு இங்கிலீஷ்தான் செல்லும். அதில் ஒரே மறுப்பைச் சொல்ல ஒரே வாக்கியத்தில் இரண்டு எதிர்மறை வரக் கூடாது. ‘வீ ஹேவ் நோ அப்ஜெக்‌ஷன்’ அல்லது ‘வீ டோன்ட் ஹேவ் எனி அப்ஜெக்‌ஷன்’, இரண்டில் ஒன்று. பையன் எங்கே சறுக்கினான் என்றால், நம் ஆபீஸ்களில் ‘நோ அப்ஜெக்‌ஷன்’ என்பது ஒட்டிப்போன ஒரே சொல்லாகிவிட்டது. அதை ஒரு பொருளின் பெயர் மாதிரி எடுத்து முன்னால் ‘டோன்ட் ஹேவ்’ மாட்டிவிட்டான். உங்கள் வாக்கியம் வேறு வழியில் வந்திருக்கும். ‘ஒன்றும் இல்லை’ என்று மனதில் ஓடியிருக்கும், ‘ஒன்றும்’ இடத்தில் ‘நத்திங்’ போட்டிருப்பீர்கள். ஆனால் நம் ‘ஒன்றும்’ தனியாக எதையும் மறுப்பதில்லை, மறுப்பு முழுக்க ‘இல்லை’யில் இருக்கிறது. ‘நத்திங்’ தனக்குள்ளேயே மறுப்பை வைத்திருக்கிறது. அங்கே வர வேண்டியது ‘எனிதிங்’.

அந்த பிளஸ் குறிதான் எனக்கு ஒப்பவில்லை. ‘ஐ டிடன்ட் கிவ் நத்திங் டு நோபடி’ என்று ஒருவர் சொன்னால் மூன்று எதிர்மறை. கணக்குப்படி மூன்று மைனஸ் மைனஸ்தானே, அப்படியென்றால் இது சரியான வாக்கியமாக இருக்க வேண்டும். யாராவது சரி என்பார்களா? மாட்டார்கள். ஆக, கணக்கு காரணமே இல்லை. பதினான்காம் நூற்றாண்டு இங்கிலீஷ் கவிஞர் சாசர், கேன்டர்பரி கதைகளில் தன் வீரனைப் பற்றி, அவன் வாழ்நாளில் யாரிடமும் கெட்ட வார்த்தை பேசியதில்லை என்று சொல்ல, இரண்டே வரியில் நான்கு எதிர்மறை அடுக்குகிறார். அன்றைய இங்கிலீஷில் அது மறுப்புக்கு அழுத்தம். பிறகு படித்தவர்களின் எழுத்தில் அந்த வழக்கம் மெல்லத் தேய்ந்தது. 1711-இல் ஜேம்ஸ் கிரீன்வுட் போன்ற இலக்கணக்காரர்கள் ‘இரண்டு மறுப்பு ஒரு உடன்பாடு’ என்று எழுதிவைத்தார்கள், பள்ளிக்கூடம் அதைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் லண்டனின் உழைக்கும் மக்கள் பேச்சிலும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலும் ‘ஐ டோன்ட் ஹேவ் நத்திங்’ ஒழுங்கான வாக்கியம், அர்த்தம் ‘ஒன்றும் இல்லை’ மட்டும்தான். ஸ்பானிஷிலும் ரஷ்யனிலும் இந்த மாதிரி வாக்கியத்தில் இரண்டு மறுப்பு போடாவிட்டால்தான் தப்பு.

சரி, எப்போது இரண்டு எதிர்மறை செல்லும்? நான் பையனுக்குச் சொல்லிக்கொடுத்த சோதனை இது. இரண்டாவது எதிர்மறையை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் அந்த இடத்தில் ‘எனி’ போட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்ல வந்த அர்த்தம் அப்படியே நின்றால் அந்த இரண்டாவது வேலையில்லாமல் நின்றது, அது தப்பு. ‘வீ டோன்ட் ஹேவ் எனி அப்ஜெக்‌ஷன்’ – சொல்ல வந்தது நிற்கிறது, ஆக ‘நோ’ அதிகப்படி. இப்போது ‘ஐ கான்ட் நாட் கோ’வை எடுங்கள், போகாமல் இருக்க முடியாது என்று அர்த்தம். ‘நாட்’டை எடுத்தால் போக முடியாது என்று தலைகீழாகிவிடும். இரண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது, வாக்கியம் சரி. ‘நாட் அன்காமன்’ என்பதும் இப்படித்தான், நாம் ‘தெரியாமல் இல்லை’ என்கிறோமே அந்த மாதிரி. ‘ஹார்ட்லி’ மட்டும் ஏமாற்றும், பார்க்க எதிர்மறை மாதிரி இருக்காது. ‘ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர்’ தப்பு, ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர்’ போதும்.

எங்கள் தொழிலில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது வேறொன்று, அதைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை. ‘அன்லெஸ் பேமென்ட் இஸ் நாட் ரிசீவ்ட், டு நாட் ரிலீஸ்’ என்று எத்தனை மெயில் பார்த்திருக்கிறேன். ‘பணம் வராத வரைக்கும் விடாதே’ என்று நினைத்து எழுதுவது. ‘அன்லெஸ்’ஸுக்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ இருப்பதால், எழுதியபடி படித்தால் பணம் வந்தால் விடாதே என்று ஆகிறது. ‘டோன்ட் ஹேவ் நத்திங்’கை யாரும் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை. இதைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், சரக்கும் தப்பான ஆளிடம் போகும். டைகட்டிய பெரிய ஆபீஸிலிருந்து வரும் மெயில் இவை, அவர்களை யாரும் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பதில்லை.

ஆனால் எங்கள் பையனைக் கேட்டார்கள். “ஸ்கூலுக்குப் போனியா நீ, எந்த ஏரியா?” என்று. அவன் காசிமேடு என்றதும் பின்னால் வரிசையில் நின்றவர்கள் வரைக்கும் சிரிப்பு. லெட்டரில் இருந்த பிழைக்கும் காசிமேட்டுக்கும் என்ன சம்பந்தம்? பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவன், கன்டெய்னர் நம்பரை ஒருமுறை பார்த்தால் மறக்காதவன். எங்கள் பேச்சுத் தமிழைக் கேட்டால் ரௌடி என்று நினைப்பது, பைக் லோனுக்குப் போனால் பின்கோடைப் பார்த்து இழுத்தடிப்பது, பெண் பார்க்க வருகிறவர்கள் ‘பாலத்துக்கு இந்தப் பக்கமா’ என்று கேட்பது, எல்லாம் ஒரே குணம்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். எழுதாமல் விட மனசு வரவில்லை.

அடுத்த இன்டர்வியூவில் ‘ஐ ஹேவ் நத்திங் டு ஆட்’ என்று சொல்லுங்கள். ‘டோன்ட்’ வாயில் வந்துவிட்டால் நிறுத்த வேண்டாம், பின்னால் ‘எனிதிங்’ போட்டு முடித்துவிடுங்கள்.