சம்பளம் ஏறும் வேகமும் எஸ்.ஐ.பி. ஏறும் வேகமும்

கேள்வி: 2016 ஏப்ரலில் என் கைக்கு வந்த சம்பளம் 30,000 ரூபாய். 2025 ஏப்ரலில் 54,000. இடையில் 2020-ல் இன்கிரிமென்ட் இல்லை, 2022-ல் வேலை மாறியபோது 25% ஏறியது. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுகிறேன். மாதத் தொகையை ஆண்டுக்கு 10% ஏற்றும் ஸ்டெப்-அப் வைத்தால் 15 ஆண்டில் 50 லட்சத்துக்குப் பதில் 87 லட்சம் கிடைக்கும் என்று கால்குலேட்டர் காட்டுகிறது. மாற்றிவிடலாமா?

பதில்: ஸ்டெப்-அப் வையுங்கள், ஆனால் 10% வேண்டாம். ஏன் என்பதை உங்கள் சம்பளக் கணக்கே சொல்கிறது.

30,000 ஒன்பது ஆண்டில் 54,000 ஆனது என்றால் ஆண்டுக்குச் சராசரியாக 6.75% வளர்ச்சி. இதில் வேலை மாறியதால் வந்த 25 சதவீதத்தையும் இன்கிரிமென்ட் இல்லாத ஒரு வருடத்தையும் எடுத்துவிட்டால், மற்ற ஏழு வருடங்களில் கிடைத்தது சராசரியாக 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதே ஒன்பது ஆண்டில் நாட்டின் விலைவாசி சுமார் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. அதாவது இன்றைய 54,000 ரூபாய், 2016-ன் 36,000 ரூபாய்க்குச் சமம். விலைவாசியைக் கழித்தால் உங்கள் சம்பளம் உண்மையில் ஏறியது ஆண்டுக்கு 2% அளவுதான்.

இப்போது 10% ஸ்டெப்-அப்பைப் பாருங்கள். இன்று சம்பளத்தில் 18.5% எஸ்.ஐ.பி.க்குப் போகிறது. சம்பளம் இதே 6.75% வேகத்தில் ஏறினால் 15-ஆம் ஆண்டில் சுமார் 1,35,000 ஆகும். அப்போது எஸ்.ஐ.பி. 38,000-ஐத் தொட்டிருக்கும். அது சம்பளத்தில் 28%. பிள்ளைகளின் கல்லூரிச் செலவு வரக்கூடிய வயதில் இந்த அளவு தாங்காது. பாதியில் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

அந்த 87 லட்சத்தின் உள்ளேயும் ஒன்று இருக்கிறது. மாதம் 10,000-ஐ ஏற்றாமல் போட்டால் உங்கள் கையிலிருந்து போவது மொத்தம் 18 லட்சம். 10% ஸ்டெப்-அப்பில் 38 லட்சம். அதில் பாதி கடைசி ஐந்து ஆண்டுகளில்தான் போகிறது, வளர அதற்கு நேரமே இல்லை. கூடுதலாகத் தெரியும் 37 லட்சத்தில் 20 லட்சம் நீங்களே கூடுதலாகப் போட்ட பணம். (எல்லாக் கணக்கிலும் ஆண்டுக்கு 12%, மாதம் 1% என்றே வைத்திருக்கிறேன். சந்தை அப்படித் தரும் என்று உத்தரவாதம் இல்லை.)

அதற்காக 10,000-ஐ அப்படியே விட்டுவிடவும் கூடாது. 5% விலைவாசி உயர்வில், 15 ஆண்டு கழித்து அந்தப் பத்தாயிரத்தின் மதிப்பு இன்றைய 4,800 ரூபாய்தான். எஸ்.ஐ.பி. மாறவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஆனால் சேமிப்பு வருடா வருடம் சுருங்கிக்கொண்டே போகும். சம்பளத்தில் அதன் பங்கும் 7 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

அதனால் நான் 5% ஸ்டெப்-அப் சொல்வேன். அது விலைவாசியை ஈடுகட்டும், உங்கள் சாதாரண இன்கிரிமென்ட்டையும் மீறாது. 15 ஆண்டில் மொத்தம் 26 லட்சம் போட்டு 65 லட்சம் வரும். கடைசி ஆண்டில் மாதத் தொகை 19,800, சம்பளத்தில் 15 சதவீதத்துக்குள் அடங்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. இன்றே மாதம் 13,000 ஆக்கி, பிறகு ஏற்றாமலே விட்டாலும் கிட்டத்தட்ட அதே 65 லட்சம் வருகிறது. அதுவும் 23.4 லட்சம் மட்டும் போட்டு. முதலில் போட்ட பணத்துக்கு நேரம் அதிகம் கிடைப்பதுதான் காரணம். சரி, 54,000 சம்பளத்தில் உடனே மூவாயிரம் எடுப்பது எளிதல்ல. ஆனால் ஓர் ஆயிரமாவது எடுக்க முடிந்தால் 11,000-இல் தொடங்கி, அதன்மேல் 5% வையுங்கள்.

வேலை மாறி 25% ஏறுவது போன்ற வருடங்களைத் தானியங்கி ஸ்டெப்-அப் கவனிக்காது. அந்த ஆண்டு அதே விகிதத்துக்குத் தனியாக இன்னொரு சிறிய எஸ்.ஐ.பி. தொடங்கிவிடுங்கள். இன்கிரிமென்ட் இல்லாத ஆண்டில் ஏற்றத்தைத் தவிர்க்க முடியுமா என்று ஃபண்ட் நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் இரண்டு நடைமுறை விஷயங்கள். பல ஃபண்ட் நிறுவனங்களில் ஸ்டெப்-அப் ஏற்றம், எஸ்.ஐ.பி. தொடங்கிய மாதத்தை வைத்தே வரும். உங்கள் இன்கிரிமென்ட் கைக்கு வரும் மாதத்துக்கு அடுத்த மாதம் வருவதுபோல் தொடக்கத் தேதியை வையுங்கள். மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள வங்கியில் கொடுக்கும் மேன்டேட்டின் வரம்பு 10,000 என்றே இருந்தால் முதல் ஏற்றத்திலேயே பணம் எடுக்க முடியாமல் தவணை திரும்பிவிடும், வங்கி அபராதமும் போடலாம். வரம்பை 25,000 என்று கொடுத்தால் 5% ஏற்றத்துக்குப் பதினைந்து ஆண்டும் போதும்.