ஆக்சுவரி தேர்வு: பட்டப்படிப்பில் கிடைக்கும் விலக்கு எவ்வளவு காலத்தை மிச்சப்படுத்தும்?

உங்கள் மகள் சென்னையில் பி.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு, பெருங்குடியில் ஒரு இன்சூரன்ஸ் சேவை நிறுவனத்தில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே, காப்பீட்டில் இடரைக் கணக்கிடும் ஆக்சுவரி ஆகப் பார்க்கிறாள். "டிகிரியில் படித்த பாடங்களுக்கு விலக்கு கிடைத்தால் ஆக்சுவரி தேர்வுகளை மூன்று வருஷத்தில் முடித்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. விலக்கு கிடைப்பது நல்லதுதான், ஆனால் அதை நம்பி காலக்கணக்குப் போட்டால் ஏமாற்றமாகிவிடும்.

இந்திய ஆக்சுவரிகள் கழகத்திலும் சரி, பிரிட்டனின் ஆக்சுவரிகள் அமைப்பான ஐ.எஃப்.ஓ.ஏ.விலும் சரி, 2019 பாடத்திட்டப்படி முழுத் தகுதி பெற்ற ஃபெல்லோ ஆக 13 தாள்கள். அடிப்படைத் தாள்கள் ஏழு: புள்ளியியலில் CS1, CS2, ஆக்சுவரியல் கணிதத்தில் CM1, CM2, வணிகத்தில் CB1, CB2, CB3. அதன்மேல் நடைமுறைத் தாள்கள் CP1, CP2, CP3, பிறகு துறைத் தாள்கள் SP இரண்டு, கடைசியில் SA ஒன்று. கழகத்தில் மாணவராகச் சேர ACET நுழைவுத் தேர்வும் உண்டு. இந்தியாவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் நியமன ஆக்சுவரியாகக் கையெழுத்திட வேண்டுமானால் கழகத்தின் ஃபெல்லோவாக இருக்க வேண்டும். அதனால் இங்கேயே வேலை என்றால் எங்கே பதிவு செய்வது என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். ஒரு இடத்தில் கிடைத்த விலக்கு மறு இடத்திலும் செல்லும் என்று நினைத்துக்கொள்ளாமல், சம்பந்தப்பட்ட அமைப்பிடமே எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இப்போது விலக்கு. பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் விலக்கு கொடுப்பதில்லை. பல்கலைக்கழகம் முன்பே ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் தவிர, தாளின் பாடத்திட்டத்தை வரிக்கு வரி கல்லூரிப் பாடத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். உங்கள் மகள் குறிவைப்பது CS1. நிகழ்தகவு, பரவல்கள், மதிப்பீடு, கருதுகோள் சோதனை, ரிக்ரெஷன் எல்லாம் பி.எஸ்சி.யில் வந்திருக்கும். ஆனால் CS1-இல் ஜெனரலைஸ்டு லீனியர் மாடல், பேயீசியன் புள்ளியியல், கிரெடிபிலிட்டி என்று மூன்று பகுதிகள் உண்டு, அவை பெரும்பாலான இளநிலைப் பாடத்திட்டங்களில் இருக்காது, இருந்தாலும் ஒரு யூனிட்டின் ஓரத்தில்தான் இருக்கும். இன்னொன்று, CS1-இல் 'ஆர்' நிரல் மொழியில் கணினியில் எழுதும் B தாளுக்கு 30 சதவீதம் மதிப்பு. கரும்பலகையில் மட்டும் படித்தவர்களின் விண்ணப்பம் இங்கேதான் நிற்கும். விண்ணப்பிப்பதானால் மதிப்பெண் பட்டியலோடு, அவள் படித்த ஆண்டுக்குரிய பாடத்திட்டப் புத்தகத்தையும் துறையில் முத்திரை போட்டு வாங்கி வையுங்கள். பாடத்திட்டம் மாறிய பிறகு பழையதைத் தேடுவது பெரும்பாடு. CM1-க்கு விலக்கு எதிர்பார்க்கவே வேண்டாம், ஆயுள் காப்பீட்டுக் கணிதம் சாதாரணப் பட்டப்படிப்பில் கிடையாது.

காலத்துக்கு வருவோம். வருஷத்துக்கு இரண்டு தேர்வு அமர்வுகள். வேலைக்குப் போகிறவளுக்கு வார நாளில் தினம் ஒரு மணி நேரம், சனி ஞாயிறில் நான்கு நான்கு என்றால் வாரம் 13 மணி. 20 வாரத்தில் 260 மணி. CS2, CM1 மாதிரி ஒரு பெரிய தாளுக்கு இது போதும், இரண்டுக்குப் போதாது. அமர்வுக்கு அமர்வு போட்டுப் பார்த்தால்: CS1, CM1, பிறகு CB1-ம் CB2-ம் சேர்த்து, CS2, CM2, CP1, அடுத்து CP2-ம் CP3-ம் சேர்த்து, இரண்டு SP, ஒரு SA. CB3 இடையில் நுழைந்துவிடும். பத்து அமர்வு, ஒன்றில்கூடத் தவறாமல் ஐந்து வருஷம். மூன்று தாளைத் திரும்ப எழுத நேர்ந்தால், அதுதான் பலருக்கும் நடப்பது, ஆறரை வருஷம். ஏழு என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். CS1-க்கு விலக்கு கிடைத்தால் மிச்சம் ஆறு மாதம். CB1, CB2 இரண்டுக்கும் கிடைத்தால் இன்னொரு ஆறு மாதம். CS2-இல் ஒரு முறை தவறினால் அதில் பாதி போய்விடும். CS1-ஐ எழுதாமல் தாண்டியவர்கள் CS2-இல் சறுக்குவது அதிகம், ஏனென்றால் CS2 அதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. விலக்கு கிடைத்தாலும் CS1-இன் பழைய வினாத்தாள் இரண்டையாவது நேரம் வைத்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடறும் இன்னொரு இடம் ரிசல்ட். ஐ.எஃப்.ஓ.ஏ.வில் ஏப்ரல் தேர்வின் முடிவு ஜூலையில் வரும், அடுத்த தேர்வு செப்டம்பரில். "பாஸா என்று தெரியட்டும், பிறகு படிக்கலாம்" என்று உட்கார்ந்தால் கையில் பத்து வாரம்தான், 130 மணி. தேர்வு முடிந்த இரண்டாவது வாரமே அடுத்த தாளைத் தொட வேண்டும். பெயிலென்று வந்தால் அந்தத் தாளுக்குத் திரும்பட்டும், படித்தது வீணாகாது.

ஆபீசில் படிப்பு விடுப்பு எத்தனை நாள், கட்டணம் யார் தருகிறார்கள், பெயிலான தாளுக்கும் தருவார்களா என்று ஹெச்.ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள். அனுபவச் சான்றும் ஃபெல்லோ ஆவதற்குத் தேவை, அதனால் இப்போது செய்யும் வேலை ஆக்சுவரியல் வேலையாகக் கணக்கில் வருமா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம். கிளைம் பதிவு மட்டும் என்றால், பாதித் தாள்கள் முடிவதற்குள் உள்ளேயே ஆக்சுவரியல் டீமுக்கு மாறப் பார்க்க வேண்டியிருக்கும்.