போனும் பாஸ்போர்ட்டும் ஒன்றாகத் தொலைந்தால் எந்த நகல் கைகொடுக்கும்?

"அடுத்த மாதம் நானும் மனைவியும் 10 நாள் மலேசியா போகிறோம். கோலாலம்பூர், பிறகு பினாங்கு. பாஸ்போர்ட், டிக்கெட், ஆதார், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 34 பேர் இருக்கும் குழு. 'இதையெல்லாம் ஏம்ப்பா குரூப்ல போடுறீங்க' என்று சென்னையில் இருக்கும் மகன் கோபிக்கிறான். கூகுள் டிரைவிலும் டிஜிலாக்கரிலும் வைத்திருக்கிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்?"
– ஒரு வாசகர், திருநெல்வேலி

கோலாலம்பூரில் ஒரு மாலை உங்கள் தோள்பை பறிபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் போனும் அதே பையில். ஓட்டல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிரைவைத் திறக்கிறீர்கள். பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் "இது நீங்கள்தானா?" என்று கூகுள் உங்கள் போனைக் கேட்கிறது, அல்லது அதற்கு ஓடிபி அனுப்புகிறது. டிஜிலாக்கரும் உங்கள் மொபைல் எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். நீங்கள் வைத்திருக்கும் இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி, அது இப்போது திருடன் கையில்.

அதனால் நகல்கள் மகனுடைய கூகுள் கணக்கில் இருக்கட்டும். அவர் ஒரு ஃபோல்டர் தொடங்கி, உங்களையும் உங்கள் மனைவியையும் இமெயில் முகவரி கொடுத்துச் சேர்க்கட்டும். பகிரும் இடத்தில் General access என்பது Restricted என்றே இருக்க வேண்டும். Anyone with the link என்று மாற்றினால், அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் ஃபோல்டர் திறந்துவிடும். பாதி வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான், ஏனென்றால் அதுதான் சுலபமாக இருக்கிறது. மனைவியின் போனில் ஒவ்வொரு கோப்புக்கும் Available offline கொடுத்துவையுங்கள், நெட் இல்லாத இடத்திலும் திறக்கும்.

மகனைத் தவிர இன்னொருவருக்கும் ஃபோல்டர் திறக்க வேண்டும். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை 6 மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் இங்கே அதிகாலை 3.30. மகன் போனை சைலண்டில் போட்டுத் தூங்குபவர் என்றால் மச்சானோ தங்கையோ எடுத்தாக வேண்டும். இரண்டு பேர் போதும், மூன்றாவது ஆள் வேண்டாம்.

ஃபோல்டருக்குள் என்ன வைப்பது? பாஸ்போர்ட்டில் படம் உள்ள முதல் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தை விட்டுவிடுபவர்கள் நிறைய. கடைசிப் பக்கத்தில்தான் பெற்றோர் பெயர், முகவரி, ஃபைல் எண் எல்லாம் இருக்கும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அங்குள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகல் வாங்க வேண்டும். அதோடு கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போகும்போது விண்ணப்பத்தில் இந்த விவரங்களையெல்லாம் கேட்பார்கள். அவசரமாக ஊர் திரும்ப வேண்டும் என்றால் அவர்கள் தருவது எமர்ஜென்சி சர்டிஃபிகேட். அதை வைத்து இந்தியாவுக்கு ஒருவழியாக வரலாம், வேறெங்கும் போக முடியாது. நகல் கையில் இருந்தால் நீங்கள் இந்தியர்தான் என்று சரிபார்க்கும் வேலை சுருங்கும்.

அடுத்து வரும் சிக்கலைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. புது ஆவணத்தில் நீங்கள் அந்த நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு இருக்காது. வெளியேறும் முன் மலேசியக் குடிவரவுத் துறையிடம் அதை நேராக்க வேண்டியிருக்கும். ஆகவே விமான நிலையத்தில் இறங்கியதும், முத்திரை குத்தியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்புங்கள். கிளம்பும் முன் ஆன்லைனில் நிரப்பும் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையின் நகலும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும். இன்னொன்று: தொலைந்தது என்று புகார் கொடுத்த பாஸ்போர்ட் மறுநாள் ஓட்டல் படுக்கைக்கு அடியில் கிடைத்தாலும் அதில் பயணம் செய்யக் கூடாது. அது ரத்தான பாஸ்போர்ட். எனவே புகாருக்கு முன் அறையை ஒருமுறை நன்றாகத் தேடிவிடுங்கள்.

இவற்றோடு டிக்கெட், இன்சூரன்ஸ் பாலிசி எண், அந்த நிறுவனத்தின் வெளிநாட்டு உதவி எண், இருவரின் பாஸ்போர்ட் அளவுப் படம். ஆதார் வைப்பதாக இருந்தால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் இணையதளத்தில் இறக்கி வையுங்கள். வங்கி அட்டையைப் படம் எடுத்து எங்குமே வைக்காதீர்கள். அட்டையின் கடைசி 4 எண்ணும், வெளிநாட்டிலிருந்து கூப்பிட வேண்டிய வங்கி எண்ணும் இருந்தால் அட்டையை முடக்கிவிடலாம்.

சரி, மகனைக் கூப்பிட்டால்தானே அவர் ஃபோல்டரைத் திறப்பார்? அவருடைய எண் உங்களுக்கு மனப்பாடமா? பெரும்பாலும் இல்லை. அதனால் காகிதம் வேண்டும். ஒரு சின்னச் சீட்டில் அந்த இரண்டு பேரின் எண், தூதரகத்தின் எண், மலேசியாவின் அவசர எண் 999. நம் ஊர் எண்களை +91 சேர்த்து எழுதுங்கள். ஓட்டல் தரைவழிப் போனிலிருந்து என்றால் 00 91 போட்டு அழைக்க வேண்டும். ஒரு சீட்டு உங்கள் சட்டைப் பையில், இன்னொன்று மனைவியின் பர்ஸில். பாஸ்போர்ட் இருக்கும் பையில் மட்டும் வேண்டாம்.

கூகுள் கணக்கில் Security பக்கம் போய், 2-Step Verification போட்டு, Backup codes எடுத்தால் 8 இலக்கத்தில் 10 எண்கள் தரும். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் செல்லும், போன் இல்லாமலே உள்ளே போகலாம். அதை அச்சிட்டு, எந்தக் கணக்கு என்று எழுதாமல், மனைவியின் பெட்டியில் வையுங்கள்.

பயணத் திட்டத்தை ஒரே பக்கத்தில் கூகுள் டாக்காக அந்த ஃபோல்டரிலேயே எழுதுங்கள். தேதி, விமான எண், ஓட்டல் பெயர், ஓட்டல் போன், அவ்வளவுதான். பினாங்கு பஸ்ஸைத் தள்ளிப்போட்டால் அங்கே திருத்துங்கள், எல்லோருக்கும் அதுவே தெரியும். பி.டி.எஃப். ஆக அனுப்பினால் மாமா கையில் பழைய தேதியும் மகன் கையில் புதுத் தேதியும் இருக்கும். பி.என்.ஆர். எண் மட்டும் இந்தப் பக்கத்தில் வராமல் டிக்கெட்டோடு நிற்கட்டும். பல விமான நிறுவனங்களின் தளத்தில் பி.என்.ஆரும் பெயரும் தெரிந்தாலே முன்பதிவைத் திறந்து மாற்ற முடியும். போர்டிங் பாஸை ஸ்டேட்டஸில் போடுவது இதனால்தான் தப்பு. பெயரை விரலால் மறைத்தாலும் பார்கோடில் எல்லாம் இருக்கிறது.

குழுவில் போட்டதை இப்போதே Delete for everyone கொடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தால் அந்த வசதி வராது. ஆனால் யார் யார் கேலரியில் ஏற்கெனவே இறங்கியதோ, அங்கிருந்து போட்டோ பேக்கப்புக்குப் போனதோ, அது போனதுதான். ஒவ்வொருவரையும் அழிக்கச் சொல்லிக் கேட்கலாம், பாதிப்பேர் அழிப்பார்கள். அந்த ஆதாருக்கு மட்டும் ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள், வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

அப்புறம், ஸ்கேன் எடுத்தது ஜெராக்ஸ் கடையிலா? அப்படியென்றால் கோப்பு அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸிலும், அவர்கள் உங்களுக்கு மெயில் அனுப்பிய Sent பெட்டியிலும் கிடக்கும். அங்கே வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் உங்கள் போனில் Linked devices பார்த்து வெளியேறுங்கள். மறுபடி எடுக்க வேண்டியிருந்தால் கடைக்குப் போக வேண்டாம். டிரைவ் ஆப்பில் உள்ள ஸ்கேன் பொத்தானே போதும், பாஸ்போர்ட்டை ஜன்னல் ஓரத்தில் பளபளப்பு விழாமல் விரித்து வைத்தால் சரி.